காலிக் கட்டம்

இந்த உலகத்தில் எந்த மனிதனின் உத்தியோக வாழ்க்கையும் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. இது மருத்துவமனை அலுவலகத்தின் பணிப் பதிவேட்டுப் பிரிவு சூப்பரின்டெண்ட் கண்டறிந்த உண்மை. என்றைக்காவது ஒருநாள் இதைப் பள்ளிக்கூடப் பாடத்தில் சேர்ப்பார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

அவர் சொன்ன அந்த ஒரு பக்கம், ஒவ்வொரு பணிப் பதிவேட்டின் முகப்பிலும் தைத்திருக்கும் சுருக்கத் தாள். சேர்ந்த தேதி, ஓய்வு பெறும் தேதி, சம்பளமில்லா லீவு, எல்லாம் கட்டம் கட்டமாக அதில் இருக்கும். யாராவது ஓய்வு பெறுகிறார் என்றால் சூப்பரின்டெண்ட் அந்தத் தாளைப் பார்ப்பார், ஓய்வூதியத் திட்டக் கையேட்டின் நாலாம் பக்க அட்டவணையை மனசுக்குள் பார்ப்பார், கிராஜுவிட்டி உண்டா, பென்ஷன் உண்டா என்று தகுதிச் சுருக்கம் எழுதிவிடுவார். ஏழு நிமிஷம். பேனா மை காய்வதையும் சேர்த்து.

எதிர் மேஜை உதவியாளருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அந்த அம்மா பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவார். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில், எந்தப் பக்கம், எந்த வரியில் பார்த்தது என்று எழுதுவார். தேடியும் கிடைக்காததற்கு ‘காணவில்லை’ என்று எழுதுவார்.

“காணவில்லையா? போட்டோ போட்டு போஸ்டர் ஒட்டிடலாமாம்மா?” என்பார் சூப்பரின்டெண்ட். மாதத்துக்கு நாலு தடவை சொல்வார். முதல் தடவை ஒருவர் சிரித்ததாக ஞாபகம்.

அன்றைக்கு மதியம் மூன்று மணி. மின்விசிறி சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் ஆறு பேர் ஓய்வு பெறுகிறார்கள். ஐந்து பேரின் சுருக்கம் முடிந்து, வெளியே போகும் தட்டில் கிடந்தது. ஆறாவது, சலவைக்கூடத்துக்கு நீராவி கொடுக்கும் பாய்லர் அண்ணன். சூப்பரின்டெண்ட் அதையும் முடித்து, சரிபார்ப்புக் கையெழுத்துக்காக உதவியாளர் பக்கம் தள்ளினார்.

உதவியாளர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“சார், பென்ஷனுக்குத் தகுதி இல்லைன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா. நிரந்தரமானதுல இருந்து ஒன்பது வருஷம் பத்து மாசம் பன்னிரண்டு நாள். அதுக்கு முன்னாடி கான்ட்ராக்ட்காரன்கிட்ட இருந்தது கணக்குல வராது. சம்பளமில்லா லீவு ரெண்டு தடவை, மொத்தம் அஞ்சு மாசம் இருபது நாள். கழிச்சா ஒன்பது வருஷம் நாலு மாசம் இருபத்திரண்டு நாள். மிச்சம் ஆறு மாசமாவது இருந்தாத்தான் முழு வருஷமாச் சேரும். பென்ஷனுக்குப் பத்து வேணும். அவருக்கு ஒன்பது. கிராஜுவிட்டிக்கு அஞ்சு போதும், அது உண்டு. முடிஞ்சுது.”

“மெடிக்கல் சர்டிபிகேட்டோட எடுத்த லீவைக் கழிக்கக் கூடாதே சார். கையேட்டுல ஏழாம் பிரிவுக்குக் கீழ குறிப்பு இருக்கு.”

“தெரியும்மா. சர்டிபிகேட் இல்லை. கட்டம் காலியா இருக்கு, பாருங்க.”

“காலியா இருக்குன்னா எழுதலைன்னுதானே அர்த்தம். இல்லைன்னு எந்தப் பக்கத்துல இருக்கு?”

“இல்லாதது எப்படிம்மா ஒரு பக்கத்துல இருக்கும்?”

“பக்கம் சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்” என்று தாளைத் திருப்பித் தள்ளினார். குரலில் கோபமில்லை. கோபப்படுவதற்கான தெம்பு காலை பதினோரு மணிக்கே தீர்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பாய்லர் அண்ணனே வந்து நின்றார். நீராவியில் வெந்து வெந்து நிறம் தொலைத்த சட்டை. உட்காரச் சொன்னதும் பெஞ்சின் நுனியில், பெஞ்சுக்குப் பாரமாகிவிடாதபடி உட்கார்ந்தார்.

“சார், வீட்டுல ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா. மாசாமாசம் வருமா, இல்ல ஒரே தடவையோட சரியா?”

“ஒரே தடவைதாண்ணே. பத்து வருஷம் தேறலை.”

“ஓ.” அவர் தலையாட்டினார். “சரிங்க சார். நீங்க பார்த்துட்டீங்கன்னா சரியாத்தான் இருக்கும்.”

சூப்பரின்டெண்டுக்கு ஏனோ இருக்கை உறுத்தியது. மனிதன் சண்டை போட்டிருந்தால் பத்து விதி சொல்லி அனுப்பியிருக்கலாம். இப்படி ஒத்துக்கொள்கிறவரை என்ன செய்வது?

“நடுவுல லீவு போட்டீங்களே, எதுக்கு?”

“முதல்ல முதுகு சார். மூணு மாசம் மேல வார்டுலயும் வீட்டுலயும் படுத்தே கிடந்தேன். ரெண்டாவது, மச்சினன் செத்துப்போயிட்டான், அவன் கடையைப் பார்த்துக்க ஆளில்ல.”

“முதுகுக்கு சர்டிபிகேட் கொடுத்தீங்களா?”

“டாக்டர் எழுதினாரு, இங்க கொண்டாந்து கொடுத்தேன். நகல் எடுத்து வெச்சுக்கணும்னு அப்ப தோணலை. ஆஸ்பத்திரிக்குள்ளயே காகிதம் தொலையுமான்னு இருந்துட்டேன்.”

உதவியாளர் தன் வேலையிலேயே இருந்தார். அந்த அம்மா ஏதாவது சொல்லியிருந்தால் சூப்பரின்டெண்ட் பதிவேட்டைத் திறந்திருக்கவே மாட்டார். சொல்லாததால்தான் திறந்தார். சர்டிபிகேட் இல்லை என்பதைப் பக்கம் பக்கமாக நிரூபித்துவிடுவது என்று முடிவு. முகப்புத் தாளைத் தாண்டி அவர் உள்ளே போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

உள்ளே ஆள் நடமாட்டம் அதிகம். சம்பள உயர்வு, இடமாற்றம், வாரிசு நியமனம், ஒரு வால்வை நேரத்துக்கு மூடியதற்காகப் பாராட்டு, அதே வால்வை மறந்ததற்காக எச்சரிக்கை. பத்தொன்பதாம் பக்கத்தில் கண் சொருகியது. இருபத்தேழில் கொட்டாவி. முப்பத்தொன்றாம் பக்கம் மட்டும் கனமாக இருந்தது. சம்பளத் திருத்தச் சீட்டு ஒன்றை, பாதிப் பக்கத்தை மறைத்து யாரோ ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் மட்டும்தான் பசை. தூக்கிப் பார்த்தார்.

‘முதுகுத்தண்டு சிகிச்சை. சம்பளமில்லா லீவு மூன்று மாதம் பத்து நாள் அனுமதிக்கப்பட்டது. மருத்துவச் சான்று பின்புறம்.’

திருப்பினார். சான்று இருந்தது. முத்திரை, தேதி, டாக்டர் கையெழுத்து, எல்லாம் ஒழுங்காக இருந்தன. சான்றுத் தேதிகளும் லீவுத் தேதிகளும் பொருந்தின.

மீண்டும் முகப்புக்கு வந்தார். அந்தக் காலிக் கட்டத்துக்குக் கீழே, தாளைத் தயாரித்தவர் கையெழுத்து. கடைசி எழுத்தைச் சுழித்து மேலே இழுத்துவிடும் கெத்தான கையெழுத்து. அவருடையதுதான்.

தொண்டையைச் செருமிவிட்டு முப்பத்திரண்டாம் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினார். இரண்டாவது லீவு, இரண்டு மாதம் பத்து நாள், சொந்தக் காரணம். அதைக் கழித்தாக வேண்டும். விரல்விட்டு எண்ணினார். ஒன்பது வருஷம் எட்டு மாதம் இரண்டு நாள். ஆறு மாதத்தைத் தாண்டியாயிற்று. பத்து.

“அண்ணே, வீட்டுல சொல்லிடுங்க. மாசாமாசம்.”

பாய்லர் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். “இப்பத்தானே சார் இல்லைன்னீங்க?”

“முன்னாடி போட்ட தாள்ல ஒரு கட்டத்தை விட்டுட்டாங்க.”

“யாரு சார்?”

“அப்ப இருந்த சூப்பரின்டெண்ட்.”

“அடப்பாவி. இப்ப எங்க சார் இருக்காரு?”

“இங்கதான் எங்கயாவது இருப்பாரு.”

உதவியாளர் இருமினார். இருமலாகத்தான் இருக்க வேண்டும்.

பாய்லர் அண்ணன் போன பிறகு சூப்பரின்டெண்ட் புதுத் தாள் எடுத்துச் சுருக்கத்தை மறுபடி எழுதினார். லீவுக்கு எதிரே ‘பதிவேடு பக்கம் 31, வரி 6; சான்று பின்புறம்; கையேடு பிரிவு 7, குறிப்பு’ என்று பொடி எழுத்தில் சேர்த்தார். உதவியாளர் வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவருக்கு ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

அறையில் சூப்பரின்டெண்ட் மட்டும் இருந்தார். வெளியே போகும் தட்டை ஒரு தடவை பார்த்தார். வாசலையும் பார்த்தார். பிறகு முடித்துவைத்த ஐந்து பேரின் கட்டுகளையும் மேஜைக்கு இழுத்து, மேலே இருந்த பதிவேட்டின் முகப்புத் தாளைப் புரட்டிவிட்டு, முதல் பக்கத்தின் முதல் வரியில் விரலை வைத்தார்.