மடிப்பில் விழுந்த சொல்

பேனர் கடையில் டிசைனராக இருந்தவனிடம் மில் மேனேஜர் ஒரு போட்டோவைக் கொடுத்தார். காற்றில் படபடக்கும் துணியில் 'கூலியைக் குறைக்காதே' என்றிருந்தது. ஒரு பக்கக் கம்பைப் பிடித்திருந்தது அவனுடைய அக்கா புருஷன்.

"கீழே 'எரிப்போம்'னு ஒரு வார்த்தை சேரு. முடியாதுன்னா உன் முதலாளிகிட்ட வேற ஆள் கேட்டுக்கறேன்."

அவன் சொல்லை நேர்க்கோடாக ஒட்டிக் கொடுத்தான். மில் விசாரணையில் எவன் பார்த்தாலும் பொய் பல்லிளிக்கும் என்று நம்பினான்.

மேனேஜர் சிரித்தார். "துணி ஆடுது, உன் எழுத்து விறைச்சு நிக்குதே. யாருக்குடா காது குத்தற?"

அவன் கணினியில் படத்தின் நகலொன்றைக் கறுப்பு வெள்ளையாக்கி, லேசாக மங்கலாக்கி, அந்த வெளிச்சமும் நிழலும் காட்டிய வழியில் எழுத்தை வளைத்தான். அடியிலிருப்பது மேலே தெரியும்படி கலக்கும் 'மல்டிப்ளை'யில் போட்டதும் துணியின் நிழல் எழுத்தின் மேலும் படிந்தது. மடிப்புக்குள் மறைய வேண்டிய 'ப்'பில் பாதியை அழித்தான். சொல் துணியோடு சேர்ந்து ஆடியது.

மூன்றாம் நாள் அந்தப் படத்தைக் காட்டியே அக்கா புருஷனை மில் வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் வீட்டுக்கு வந்து அதே படத்தை நீட்டினார்.

"பாரு மாப்ளே, மடிப்புக்குள்ள எழுத்து எப்படிப் போகுது! இது பொய்யா இருக்குமா? நான் கம்பைப் பிடிச்சிட்டு நின்னதால கவனிக்கல. அந்தப் பக்கக் கம்பைப் பிடிச்சிருந்த பய எழுதிச் சேர்த்திருக்கான். இருபது வருஷப் பழக்கம். நாளைக்கு அவன் பல்லைத் தட்டப் போறேன். நீயும் வா."

"வர்றேன் மச்சான்," என்றான் அவன்.