நேரில் ஆஜரானார்

என் தொழிலுக்கு மூலதனம் என்று ஒன்று இருந்தால் அது லேடீஸ் க்யூதான். கரண்ட் பில் கட்டுகிற ஆபீஸில் ஆம்பளைகள் வரிசை கேட் தாண்டி நிற்கும். பெண்கள் பக்கம் நாலைந்து பேர் இருப்பார்கள். அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்று மாற்றி மாற்றிப் பணம் வாங்குவார்கள். நான் பையிலிருந்து ஒரு கட்டு பில்லை எடுத்ததும் பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். மலையாளி கிளார்க் பாதியை வாங்கிக்கொண்டு, "பாக்கிக்கு பின்னால போயி நில்லு சேச்சி" என்பார். போய் நிற்பேன். நிற்பதற்குத்தானே எனக்குக் கூலி.

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் என்னை நம்பித்தான் இருந்தன. கரண்ட், தண்ணீர், போன் பில், ரேஷன், டாக்டர் வீட்டில் டோக்கன், தம்பானூரில் ரயில் டிக்கெட். சாலை பஜாரில் ஒரு கடையில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தவள்தான் நான். அங்கே தூசியில் இருமி இருமி நெஞ்சு போனது. இங்கே கால் போகிறது. "இசக்கிசெல்வி இருக்கா, அவ பாத்துக்குவா" என்று எல்லோரும் சொல்கிறபோது மட்டும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த நவம்பரில் என் தொழிலே எனக்குக் கசந்துபோனது.

கோமதி மாமியின் புருஷன் ரயில்வேயில் பார்சல் கிளார்க்காக இருந்து காலமானவர். மாமிக்குக் குடும்பப் பென்ஷன் பேங்க் வழியாக வரும். வாடகை, மருந்து, என் கூலி எல்லாம் அதிலிருந்துதான். வருஷா வருஷம் நவம்பரில் 'இன்னும் உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியதை மறுபடி கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மற்ற வருஷங்களில் மாமியே ஆட்டோ பிடித்து கிழக்கே கோட்டையில் பேங்குக்குப் போய், கவுண்டர் முன்னால் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள். இந்த வருஷம் ஆனியில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு போய்விட்டது. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில், அவ்வளவுதான் அவள் போகிற தூரம்.

பாரத்தை எடுத்துக்கொண்டு நான் போனேன். "ஆளு நேரில வரணம்" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"அவங்களுக்கு நடக்க முடியாது சார். அவங்களுக்காக நான் வந்திருக்கேன்."

"எல்லாத்துக்கும் நீ வரலாம் சேச்சி. இதுக்கு மட்டும் பற்றில்லா, முடியாது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு யாரையாவது அனுப்புங்கள் என்றேன். ஆள் இல்லையாம். கெசட்டட் ஆபீசர் யாராவது மாமியை நேரில் பார்த்து ஒப்புப் போட்டால் போதும் என்றார்.

ஒப்பு என்றால் எங்கள் ஊரில் கையெழுத்து. அட, இவ்வளவுதானா என்று நினைத்தேன். மாமி வீட்டுக்கு நேர் எதிர்வீடு விஜயம் டீச்சர் வீடு. டீச்சர் அரசுக் கல்லூரியில் விரிவுரையாளர், கெசட்டட் ஆபீசர். என்னிடம் முதல் முதலாக வேலை கொடுத்தவர்களில் ஒருவர். தெருவைக் கடந்தால் மாமியின் வாசல். ஒரு வாய் வெற்றிலை மென்று துப்புகிற நேரம்கூட ஆகாது.

"பாக்கலாம் செல்வி, இப்ப பேப்பர் திருத்தணும்" என்றார் டீச்சர் முதல் தடவை. அடுத்த தடவை கல்லூரியில் ஏதோ இன்ஸ்பெக்ஷன். அதற்கடுத்து மழை. ஞாயிற்றுக்கிழமை போனேன், தலையில் எண்ணெய் வைத்திருக்கிறாராம். ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு என்னை அனுப்பவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு பில்லோ, ரேஷன் கார்டோ, மருந்துச் சீட்டோ கையில் திணித்துவிடுவார். அவருக்குச் சமயம் இல்லாததால்தான் நான் சாப்பிடுகிறேன் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "எதுக்கு வெறுதே அலையுத? பாரத்தக் கொண்டா, இங்கயே ஒப்பிட்டுத் தாரேன். மாமி உயிரோடதானே இருக்கா?"

"இருக்காங்க டீச்சர்."

"அப்பப் பின்ன என்ன?" போட்டார் கையெழுத்தை. முத்திரையும் குத்தினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. மாமியும் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது கதை.

மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாரத்தை வாசித்தாள். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னிக்கு நேர்ல ஆஜரானார்னு எழுதியிருக்கேடீ. நான் எங்கே ஆஜரானேன்?"

"அதெல்லாம் சும்மா எழுதுறது மாமி. போடுங்க கையெழுத்த."

"அவ என்னைப் பாக்கலையே. பாக்காம நான் உசிரோட இருக்கேன்னு எப்படிச் சொல்லுவா?"

"நான் சொன்னேன்லா."

"நீ சொன்னா கேட்டுக்கறதுக்கு அவ எதுக்கு, நீயே போட்டுக்கோ!" பாரத்தை நாலாகக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்படியே தலையில் அடித்துக்கொண்டேன். கிழவிக்குக் கொழுப்பு என்று வாய்வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். பென்ஷன் நின்றால் வீட்டு ஓனர் வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்பார். மருந்துக் கடைக்காரர் கடன் தரமாட்டார். அப்போது ஓடப்போவதும் நான்தான். இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். மாமி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழுந்தேனே அன்னிக்கு," என்றாள். "தொண்டை கிழியறவரைக்கும் கத்தினேன். எதிராத்துல டிவி ஓடிண்டிருந்தது. கார்த்தால பால்காரன் வரவரைக்கும் ஈரத்துலயே கிடந்தேன். அவமேல தப்பில்லை, கேட்டிருக்காது. ஆனா நான் உசிரோட இருக்கேன்னு அவ எழுதணும்னா, ஒரு தடவை வந்து பாத்துட்டு எழுதட்டும்."

மாமி மடியிலிருந்து கிழிந்த துண்டுகளைப் பொறுக்கினேன். கோபம் மட்டும் போகவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பேங்கில் புதுப் பாரம் வாங்கினேன். மாதத்தின் கடைசி நாள் வந்துவிட்டது. அன்று மத்தியானம் டீச்சர் தங்கை மகள் கல்யாணத்துக்குச் சென்னைக்கு ரயில் ஏறுகிறார்; திரும்ப ஒரு வாரம் ஆகும். அந்த டிக்கெட் என்னிடம் இருந்தது. முந்தின நாள் விடியுமுன் தம்பானூர் போய், தட்கல் வரிசையில் இடித்து மிதித்து எடுத்தது. காலையில் அதைக் கொண்டுபோனபோது பாரத்தையும் நீட்டினேன்.

"வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க டீச்சர். இன்னிக்குச் சனிக்கிழமை, பேங்கு உச்சையோட அடைச்சிருவான்."

டீச்சர் புடவைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். "ஒருக்க ஒப்பிட்டுத் தந்தேன்லா? அதக் கிழிச்சா நான் என்ன செய்ய? பெட்டி அடுக்கணும் செல்வி, தொந்தரவு பண்ணாத. டிக்கெட்ட மேசைமேல வச்சிட்டுப் போ."

மேசைவரைக்கும் போனேன். கை டிக்கெட்டை விடவில்லை. அப்படியே திரும்பி நடந்து, தெருவைக் கடந்து, மாமி கையில் கொடுத்தேன். வாசலில் நின்று, "டீச்சர்! டிக்கெட்டு மாமிகிட்ட இருக்கு, வந்து வாங்கிக்கிடுங்க!" என்று கத்தினேன். அந்தத் தெருவில் எனக்கு இனிமேல் வேலை கிடைக்காது என்று அப்போதே தெரிந்தது. போகட்டும் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஆள் வந்தது. டீச்சர் இல்லை, அவருடைய வீட்டுக்காரர் சிவதாணு. பாவம், நல்ல மனுஷன். "அவ பெட்டி அடுக்குதா. டிக்கெட்டத் தந்திருங்கோ மாமி" என்று கையை நீட்டினார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதற்கும் ஒரு ஆளை அனுப்பிவிட்டாரே!

மாமி டிக்கெட்டைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்து நிதானமாக வாசித்தாள். "விஜயம்னு போட்டிருக்கு. நீர் விஜயமா?"

"அவ என் வீட்டுக்காரில்லா மாமி."

"அவ உசிரோட இருக்காளான்னு எனக்கு எப்படித் தெரியும்? நேர்ல ஆஜராகச் சொல்லும்."

சிவதாணு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் போனார்.

டீச்சர் வருகிற வேகம் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்தது. "என்ன விளையாட்டு இது? எனக்கு ட்ரெயின் இருக்கு, அறியாதா?" என்று என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டே படி ஏறினவர், உள்ளே காலை வைத்ததும் நின்றுவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் பேசின் இருந்தது. பிடித்து நடக்கிற கம்பிச் சட்டம் இருந்தது. நாற்காலியில் மாமி இருந்தாள், பாதி ஆளாக.

"மாமி... இது எப்ப?"

"ஆனில."

டீச்சர் என்னிடம் திரும்பினார். "ஏன் செல்வி, என்கிட்ட சொல்லவே இல்லையே?"

சொன்னேன். விழுந்த மறுநாளே சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கும் சொன்னேன். கேட்டு "ம்" என்றார், கையில் சிவப்புப் பேனாவோடு. இதைச் சொல்ல வாயெடுத்தேன். மாமி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"பாத்துட்டியோன்னோ," என்றாள் டீச்சரிடம். "இப்ப போடு."

டீச்சர் அங்கேயே, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பாரத்தை முழுக்க வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முத்திரையை எடுத்து வர சிவதாணு ஓடினார். மாமியும் போட்டாள். டிக்கெட்டை டீச்சரிடம் கொடுத்தாள். டீச்சர் அதை வாங்கிக்கொண்டும் எழுந்திருக்கவில்லை.

அவர்கள் என்ன பேசினார்களோ, எனக்கு நிற்க நேரம் இல்லை. ஆட்டோவில் பறந்தேன். பேங்கில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்து, வரிசையில் நின்று, கவுண்டருக்குப் போனேன். என் முறை வந்ததும் அவர் பாரத்தை வாங்கி, முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்துக் குவியலின்மேல் போட்டார்.

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான். அடுத்த ஆளு."

நான் நகரவில்லை. "ஒருக்க வாசிச்சுப் பாருங்க சார்."

"எந்தினா சேச்சி? எல்லாத்திலயும் ஒரே வாசகம்தானே எழுதியிருக்கு."

"ஆமா சார்," என்றேன். "ஆனா இதுல உள்ளது நெசம்."