ஜனவரி இருபத்து மூன்று: நான்கு மணி நேரம்

நாற்பது வீட்டு நோட்டுகளிலும் ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. அடுப்பு தினம் எத்தனை மணி நேரம் எரிந்தது என்று அந்தந்த வீட்டாரே எழுத வேண்டிய அவற்றைக் கலைமகள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

பெரணமல்லூர் பக்கத்து அவள் ஊரில் சாண எரிவாயுக் கலன் கட்ட, வீடு வீடாக ஏறிச் சம்மதம் வாங்கியவளே அவள்தான். ஆரணியில் டிரஸ்ட் நடத்தும் பட்டுக்கடை வீட்டுப் பிள்ளை சந்திரமோகன் அன்று வாய் கிழியப் பேசினார். "விறகு எரிக்கறது குறைஞ்சா, அதுக்கு வெளிநாட்டுக் கம்பெனி கார்பன் காசு தரும். ரிப்பேர் செலவு மொத்தமும் அதுல ஓடிடும்." அந்தப் பேச்சை நம்பி, பழுதுபார்க்கவென்று தனியாக ஒரு பைசாகூட அவர் ஒதுக்கவில்லை.

கார்பன் காசுக்குத் திட்டம் பதிவாகவே இரண்டு வருஷம் இழுத்தது. அதற்குள் பாதிக் கலன்கள் விரிசல் விட்டன. பெண்கள் மறுபடி விறகு பொறுக்கப் போனார்கள். ரிப்பேர் செய்யக் கார்பன் காசு வேண்டும். கார்பன் காசு வர, அடுப்பு எரிந்ததாகச் சோதனையில் தெரிய வேண்டும். அடுப்பு எங்கே எரிந்தது? டிரஸ்ட் ஆபீஸில் உட்கார்ந்து யாரோ நோட்டில் எரித்திருந்தார்கள்.

2009 ஜூலையில், கார்பன் காசு தருவதற்கு முன் கணக்கைச் சரிபார்க்க வெளியிலிருந்து வந்த ஹேமநாத், பட்டியலில் கைபோன போக்கில் சில வீடுகளைக் குறித்தார். முதல் வீடு கலைமகளுடையது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே சந்திரமோகன் அவள் காதில் ஓதினார். "கேட்டா ஆமான்னு சொல்லிடுங்க. கார்பன் விலையும் போன வருஷத்துல பாதிதான். இதுவும் போச்சுன்னா உங்க ஊருக்குத்தான் பேஜாரு."

நாற்பது வீடும் அவள் கண்முன் வந்து நின்றது. ஆமாம் என்று சொல்லிவிடத்தான் நினைத்திருந்தாள்.

ஹேமநாத் நோட்டைப் புரட்டினார். சுவரில் மாலை போட்ட படத்தையும், அதன் கீழே எழுதியிருந்த தேதியையும் பார்த்தார்.

"இவங்க யாருங்க?"

"எங்க மாமியார், சின்னம்மாள்."

"ஜனவரி இருபத்து மூணு. அன்னிக்கும் நாலு மணி நேரம் அடுப்பு எரிஞ்சதா போட்டிருக்கே?"

பிணம் கிடக்கும் வீட்டில் யாராவது உலை வைப்பார்களா? அன்று பக்கத்து வீட்டார் கொண்டுவந்த சோற்றைத்தான் பிள்ளைகள் தின்றன. கிழவி செத்த நாளையும் விடாமல் காசாக்கப் பார்த்தவனை நினைத்ததும் அவளுக்கு வாயில் எச்சில் ஊறியது, துப்ப.

"ஆமான்னு சொல்லுங்கம்மா" என்றார் சந்திரமோகன், சிரித்த முகமாக.

"எரிஞ்சுது சார்" என்றாள் கலைமகள். "சுடுகாட்டுல. வூட்ல அடுப்பே பத்தவைக்கல."

அவள் ஹேமநாத்தின் பேனாவைக் கேட்டு வாங்கினாள். அந்த நாளை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டாள். பிறகு, அவள் வீட்டுக் கலன் விரிசல் விட்ட முந்தைய டிசம்பர் எட்டாம் தேதிக்குத் திருப்பி, அங்கிருந்து ஒவ்வொரு நாளாகப் பூஜ்யம் போட்டுக்கொண்டே வந்தாள்.

வாசலில் கூடியிருந்த பெண்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். காசு இனி வராது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருத்தி மட்டும் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு சொன்னாள்.

"என் வூட்டு நோட்டையும் எடு கலைமகளே. நானே போடறேன்."