உடன்பிறப்பு விதி

எங்கள் லாஜிக் புரோகிராமிங் ஆசிரியருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது, வைத்தவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். அவர் நடத்தும் ப்ரோலாக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒவ்வொரு வரியும் புள்ளியில் முடிய வேண்டும். அதைச் சொல்வதற்கென்றே பிறவி எடுத்தவர் போல லேபில் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "புள்ளி எங்கம்மா?" என்பார். போன வருஷம் அந்தப் புள்ளிகளைத் தொலைத்துத்தான் இந்தப் பேப்பரில் நான் கோட்டை விட்டேன். இந்த வருஷம் ஜூனியர்களோடு மறுபடியும் உட்கார்ந்திருக்கிறேன்.

லேபில் பாதிக் கம்ப்யூட்டர்கள் ஓடாது. அதனால் இரண்டு பேருக்கு ஒன்று. எனக்கு ஜோடியாக வந்தவள் என் அப்பாவின் இன்னொரு வீட்டு மகள். ஊரில் அத்தனை பேர் இருக்க, அவளா. அப்பா எங்களை விட்டுப் போன அடுத்த வருஷமே பிறந்தவள். மனுஷர் எந்த வேலையையும் தள்ளிப்போட மாட்டார். "அந்த வீட்டு ஆளோட ஒரு வார்த்தை பேசினாலும் நீ எனக்குப் பொண்ணு இல்ல" என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். வகுப்பில் யாருக்கும் இது தெரியாது, தெரிய விடுவதாகவும் இல்லை.

அசைன்மென்ட் என்ன தெரியுமா? இரண்டு பேருடைய குடும்பத்தையும் ஒரே ஃபைலில் எழுத வேண்டும். யார் யாருக்குப் பெற்றோர் என்பது உண்மைகள். பெற்றோரில் ஒருவர் பொதுவாக இருந்தாலே உடன்பிறப்பு என்பது விதி. அப்புறம் கேள்வி கேட்டால் ப்ரோலாக் பதில் சொல்லும். எங்கள் இரண்டு பேரையும் இந்த விதியை எழுத வைத்தது வேறு யார், தலைவிதியேதான்.

நான் விட்டுவிடுவேனா. "நான் அப்பாவைச் சர்டிபிகேட் பேர்ல போடறேன். நீ உங்க வீட்டுல கூப்பிடற பேர்ல போடு" என்றேன், திரையைப் பார்த்தபடியே. ப்ரோலாக்குக்கு எழுத்து வேறென்றால் ஆள் வேறு. அவள் அப்படியே தட்டினாள். நானும் அவளும் உடன்பிறப்பா என்று கேட்டுப் பார்த்தேன். ஃபால்ஸ் என்று வந்தது. இருபது வருஷக் குடும்பச் சண்டைக்கு ஒரு வரியில் தீர்ப்பு.

"ஃபால்ஸ்னா பொய்னு அர்த்தம் இல்லம்மா. உன் ஃபைல்ல இருக்கறத வச்சு அதால நிரூபிக்க முடியலைன்னு அர்த்தம்" என்று பின்னாலிருந்து முற்றுப்புள்ளி சொன்னார். அவருக்கு வேறு வேலை இல்லை.

செய்து காட்ட வேண்டிய நாளில் அவர் எங்கள் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பின்னால் அடுத்த முறைக்காக ஒரு கூட்டமே நின்றது. என் உடன்பிறப்புகள் யார் என்று கேள்வி போட்டார். என் அண்ணன் பெயர் வந்தது. அடுத்த பதிலுக்கு அரைப்புள்ளி தட்டினார். மறுபடியும் அண்ணன். இன்னொரு முறை தட்டினார். அவள் பெயர் வந்தது.

ஃபைலைத் திறந்தார். அவள் பக்கத்து வரியிலும் அப்பா சர்டிபிகேட் பெயரில் உட்கார்ந்திருந்தார். எப்போது மாற்றினாளோ, பூனை மாதிரி இருந்தாள்.

"என்னம்மா இது, ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே அப்பா? காப்பி பேஸ்ட் பண்ணினீங்களா?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். "தப்பான உண்மை ஏறியிருந்தா இந்த ஒரு வரிய எடுத்துடறேன். மார்க் குறைக்க மாட்டேன்." அவர் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது.

ஆம் என்று சொன்னால் போதும். மார்க்கும் வரும், அம்மாவும் இருப்பாள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கத் தெரியாதவள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. அதைவிட என் மேல் வந்தது.

"எடுக்காதீங்க சார். அது சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"அப்போ அண்ணன் ஏன் ரெண்டு தடவை? இவ ஏன் ஒரு தடவை?"

"அண்ணன் அம்மா வழியா ஒரு தடவை, அப்பா வழியா ஒரு தடவை, சார். இவ அப்பா வழியா மட்டும்."

பின்னால் சிரிப்பு நின்றது. முற்றுப்புள்ளிக்கு முதல் முறையாக எங்கே புள்ளி வைப்பதென்று தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "ரெண்டு தடவை வர்றத இப்படி எடுக்கலாம்" என்று செட்ஆஃப் போட்டுக் கேள்வியை மாற்றினார். பதில்களைத் திரட்டி, ஒன்றையே இரண்டு முறை காட்டாமல் தரும் கட்டளை அது.

திரையில் ஒரே பட்டியல் வந்தது. அண்ணன் ஒரு முறை, அவள் ஒரு முறை. யார் எத்தனை வழியில் வந்தார்கள் என்பது அதில் இல்லை.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள். "மார்க் வாங்கினியா? கூட யாரு செஞ்சா?"

"தங்கச்சி" என்றேன்.