சொம்பில் விழுந்த வாடகை

புரட்டாசி பிறந்தால் ஊருக்கெல்லாம் புண்ணியம். எங்கள் கோழிக்கடைக்கு மட்டும் பட்டை நாமம்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி மார்க்கெட் பக்கம் திரும்பினால் எங்கள் கடை. கறி வெட்டுவது என் வீட்டுக்காரர் டேனியல். கல்லாவில் உட்காருவது, பேரம் பேசுவது, கடன் கேட்பவனை முறைப்பது எல்லாம் சுகிர்தாவாகிய நான். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், எங்களுக்குப் புரட்டாசி கிடையாது. ஆனால் எங்களிடம் கறி வாங்குகிற ஊருக்கு உண்டே! மாதம் பிறந்த அன்றே பாதிப் பேர் நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு கறியை விட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் லெக் பீஸுக்கு அடித்துக்கொண்டவர்களெல்லாம் இப்போது எதிர்ச்சாரியில் நடந்து போவார்கள். எங்கள் கடையைப் பார்த்தாலே விரதம் கெட்டுவிடுமாம்.

விற்காத கோழி சும்மாவும் இருக்காது. தீனி தின்னும், தின்று பெருத்துவிடும். பெருத்த கோழியை வெட்டினால் கறி ரப்பராக இருக்கிறது என்பார்கள். பிரியாணிக் கடைக்காரர்களும் ஆர்டரைப் பாதியாக்கிவிட்டார்கள். கரண்டு பில்லுக்கும் வாடகைக்கும் மட்டும் விரதம் கிடையாது, அவை நாள் தவறாமல் வந்துவிடும்.

கடை ஓனர் வரதன் ஐயா. மானாம்பதி பக்கம் நிலம், ஊருக்குள் வீடு, மார்க்கெட்டில் கடைகள். மற்ற மாதங்களில் ஞாயிறு தவறாமல் ஈரல் தனியாக, கறி தனியாக வாங்கிப் போகிறவர். இந்த மாதம் கடைப்பக்கமே காணோம். எங்கள் வியாபாரம் படுத்ததற்கு அவரும் ஒரு காரணம்தானே, வாடகையில் அவரும் கொஞ்சம் பட்டுக்கொள்ளட்டும் என்பது என் நியாயம்.

கேட்டு வரச் சொல்லி டேனியலை அனுப்பினேன். அவர் கத்தியைப் பிடித்தால்தான் ஆண்பிள்ளை. முதல் தடவை போனவர், ஐயாவின் வயலில் நெல் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுக் காபி குடித்து வந்தார்.

"வாடகையக் கேட்டீங்களா?"

"எப்டி சுகி கேக்கறது? காபி குடுத்துட்டாங்களே."

இரண்டாம் தடவை கேட்டேவிட்டார். அதற்கு ஐயா சொன்ன பதில் இது. "வியாபாரம் டல்லுனு பாதி வாடகை கேக்கறியே டேனியலு, தீவாளிக்கு வியாபாரம் டபுள் ஆவுமே, அப்ப டபுள் வாடகை குடுப்பியா? முடியலன்னா சொல்லு. வினோத்குமாரு செல்போன் கடை வைக்கக் கேட்டுகினு கீறான். அட்வான்ஸ வாங்கிக்கினு காலி பண்ணிடு."

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. செல்போன் கடைக்காரன் எங்களைவிட அதிகமாகவே தருவான், அவனுக்கு நாற்றமும் கிடையாது. இந்தக் கடையை விட்டால் மார்க்கெட்டில் கோழிக்கு யார் இடம் தருவார்கள்? முழு வாடகை கொடுத்தால் வண்டிக்காரனிடம் அடுத்த லோடு கோழி இறக்கப் பணம் இருக்காது. கொடுக்காவிட்டால் கடையே இருக்காது. இனி இந்த மனுஷனை நம்பிப் பயனில்லை, நானே போகிறேன் என்று கிளம்பினேன். பாதி வாடகையை எண்ணிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். டேனியலையும் கூட்டிக்கொண்டேன், புருஷனை விட்டுவிட்டு வந்தாள் என்ற பேச்சு எதற்கு?

நாங்கள் போனது மூன்றாம் சனிக்கிழமை. வேறெதற்கும் இல்லை, அன்றைக்குக் கடையில் ஈ ஓட்டக்கூட ஈ இருக்காது என்பதால்.

வாசலில் பெரிய கோலம். ஐயா மஞ்சள் வேட்டியும் துளசி மாலையும் நெற்றி நிறைய நாமமுமாக நின்றிருந்தார். கையில் நாமம் போட்ட பித்தளைச் சொம்பு. எவ்வளவு பெரிய நிலக்காரராக இருந்தாலும், இன்றைக்கு நாலு வீட்டு வாசலில் போய் நின்று கோவிந்தா என்று அரிசி வாங்கி வந்தால்தான் அந்த வீட்டில் பெருமாளுக்குப் படைக்கிற தளிகைக்கு உலை வைப்பார்கள். கிளம்புகிற நேரத்தில் எங்களைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"இன்னாம்மா சுகிர்தா?"

"வாடகை விஷயமாத்தான் ஐயா. புரட்டாசி முடியற வரிக்கும் கடையில ஒண்ணுமே ஓடாது. இந்த ஒரு மாசம் மட்டும் பாதியா வாங்கிக்கோங்க."

"அதான் டேனியலு கைல சொல்லி அனுப்பிச்சனே. அதெல்லாம் மு..."

"இன்னாங்க!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம். அவர் மனைவி சொக்கம்மாள் கையில் கரண்டியோடு நிலைப்படிக்கு வந்துவிட்டார். "சொம்பத் தூக்கிட்டு முடியாதுன்றதா? தளிகை ஆவற வரிக்கும் வாசல்ல வந்து கேக்கறவங்க கைல அந்த வார்த்தையும் சொல்லக்கூடாது, இல்லைன்ற வார்த்தையும் சொல்லக்கூடாது. உங்க அப்பா காலத்து வழக்கம். எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்."

ஐயா வாயை மூடிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. கர்த்தரே, இந்தக் கதவை எனக்கென்றே திறந்து வைத்தீரா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஒரு அடி முன்னால் போனேன்.

"அப்ப பாதி வாங்கிக்கறீங்களா ஐயா?"

ஐயா கூரையைப் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார். பிறகு உரக்க, "கோவிந்தா!" என்றார்.

இது என்ன பதில்? நம்முடைய ஊரில் பெருமாளைக் கூப்பிட்டாலும் கோவிந்தா, கையை விட்டுப் போன பணமும் கோவிந்தா. பாதி வாடகை கோவிந்தா என்கிறாரா, எங்கள் பிழைப்பு கோவிந்தா என்கிறாரா? நான் அதை எப்படி என் பக்கம் திருப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, இத்தனை நேரம் தூண் மாதிரி நின்ற என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"பரவால்லிங்க ஐயா. உங்களுக்கும் கஷ்டந்தான். கொறைக்க மாட்டீங்க, அப்டித்தானே?"

"ஆமாம்!" ஐயா கிட்டத்தட்டக் குதித்தார். "ஆமாம்ப்பா! ஆமாம் ஆமாம்!"

வெட்டுக்கத்தி கடையில் இருந்ததால் டேனியல் பிழைத்தார். இல்லை என்று சொல்ல முடியாத மனிதரிடம் போய், ஆமாம் என்று சொன்னாலே வேலை முடிகிற மாதிரிக் கேள்வி கேட்பாரா ஒருவர்? அவர் காலை ஓங்கி மிதித்தேன். "ஐயோ" என்றார். அந்தச் சாக்கில் ஐயா எங்களைத் தாண்டித் தெருவில் இறங்கப் பார்த்தார்.

"நில்லுங்க," என்றார் சொக்கம்மாள். "மொத வாசல் நம்ம வாசல்தானே? இங்க கேக்காம எங்க போறீங்க? வந்து நிக்கறவங்களும் போடறதப் போடட்டும்."

ஐயா திரும்பினார். எங்கள் முன்னால் சொம்பை நீட்டி, தரையைப் பார்த்துக்கொண்டு, "கோவிந்தா," என்றார். முன்னால் கூரையைப் பார்த்துக் கத்திய குரல் இல்லை இது. தொண்டைக்குள்ளேயே பாதி நின்றுவிட்டது. ஒருவரிடம் போய்க் கேட்டு நிற்பது எவ்வளவு கூச்சமோ அவ்வளவும் அதில் இருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் வண்டிக்காரன் நினைவு வந்ததும் பாவம் போய்விட்டது.

கையில் அரிசி இல்லை. கைப்பையைத் திறந்து, பாதி வாடகையை எடுத்து, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "இந்த மாச வாடகை, ஐயா," என்று சொல்லிச் சொம்பில் போட்டேன்.

டேனியல் பதறிவிட்டார். "அடியே, அது கோழி வித்த துட்டுடி! சாமிச் சொம்புல போடறியே!"

"துட்டுல இன்னாப்பா கோழி வாசன?" என்றார் சொக்கம்மாள். "நம்ம வூட்டு நெலத்துக்கு உரமே கோழி எருதான். அதுல வெளஞ்ச அரிசியத்தான் பெருமாளுக்குப் போடறோம்."

ஐயா சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணாலேயே எண்ணிவிட்டார் என்று தெரிந்தது. உதடு அசைந்தது.

"போதலன்னு சொல்லக்கூடாது," என்றார் சொக்கம்மாள் அவசரமாக. "போட்டதுதான் கணக்கு. சொல்லிட்டீங்கன்னா விரதம் போச்சு, அடுத்த சனிக்கெழம மறுபடி மொதல்லேர்ந்து எல்லா வாசலும் ஏறணும்."

பிச்சை கேட்கிறவர் பேரம் பேச முடியாது. ஐயா என்னைப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. எது அதிகம் என்று எனக்குத் தெரியவில்லை. "அடுத்த மாசம்?" என்று மட்டும் கேட்டார்.

"ஐப்பசிலேர்ந்து முழுசு ஐயா. ஒரு ரூபா கொறையாது," என்றேன்.

அந்த நேரம் பார்த்து அவர் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. ஒரு கையில் சொம்பு, மறு கையால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா, வினோத்குமாரு பேசறேன். அந்தக் கோழிக்கட இன்னா ஆச்சு? எனக்குக் குடுக்கறீங்களா? அவங்க தர்றதுக்கு மேலயே தர்றேன், நாளைக்கே அட்வான்ஸோட வர்றேன்."

கேட்கிறவருக்கு இல்லை என்று சொல்லக்கூடாது என்ற வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு நான் தொங்கினேனே, இப்போது அவனும் கேட்கிறான். அவனுக்கும் ஐயாவால் மறுப்புச் சொல்ல முடியாது. ஆனால் வா என்று சொல்லத் தடை ஏதும் இல்லை. ஒரே ஒரு எழுத்து. அவர் அதைச் சொல்லிவிட்டால் நாளை மறுநாள் நாங்கள் கோழிக்கூண்டோடு தெருவில்.

"கோவிந்தா," என்றார் ஐயா.

"அப்ப சரின்றீங்களா ஐயா? வரட்டா?"

டேனியல் என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த வயதில் இன்னொரு ஊரில் போய் யாரிடம் கடை கேட்பது என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொக்கம்மாளும் ஐயாவைத்தான் பார்த்தார். இது அவர் வழக்கத்துக்கு வெளியே இருக்கிற விஷயம், ஐயாதான் சொல்ல வேண்டும்.

ஐயா போனைப் பார்த்தார். சொம்பைப் பார்த்தார். டேனியலின் மிதிபட்ட காலைக்கூடப் பார்த்தார். பிறகு போனை என் பக்கம் நீட்டினார்.

"நீ பேசும்மா. இன்னிக்கு அந்த வார்த்த என் வாய்ல வராது."

போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"கடை இல்லைங்க," என்றேன்.

"இல்லையா? ஐயா எங்க? நீங்க யாரு பேசறது?"

"கடைக்காரி பேசறேன்."