மாத்திரைவிலக்கு

எட்டு மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டுபவளுக்குக் கழிப்பறை என்பது ஏணியின் அடியில் இருக்கும் ஓர் இடம். மூன்று வாரங்களுக்கு அதனால் தொல்லையில்லை. அட்டையில் மாத்திரை தீர்ந்து, மாதவிலக்குக்கான ஒரு வார இடைவெளி தொடங்கியதும் அடிவயிற்றை யாரோ ஈரத்துணியாகப் பிழிவார்கள். விடுப்புச் சொல்லிவிட்டுச் சுருண்டு கிடப்பாள். பெரிய கிரேனுக்கான தேர்வு இம்முறையும் அந்த வாரத்தில்தான் வந்து விழுந்தது. சென்ற முறை போகாமல் இருந்தாகிவிட்டது. "இந்தத் தடவையும் வரலைன்னா வேற ஆளப் பார்த்துக்குவேன்மா, கோவிச்சுக்காத" என்று மேஸ்திரி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வலிக்கென்று எழுதித் தரப்பட்ட அந்தக் கருத்தடை மாத்திரையை மாதாமாதம் வாங்கி வருபவள் அக்கா. மகளிர் மருத்துவமனையில் செவிலி. இடைவெளி விடாமல் சாப்பிட்டால் என்ன என்று தங்கை ஒருமுறை கேட்டதுண்டு.

"விளையாடுறியாடி? கெட்ட ரத்தம் உள்ளயே தேங்கிடும். வர வேண்டியது வந்தாத்தான் உடம்பு உடம்பா இருக்கும்."

செவிலி சொன்னாள், கிரேன் ஓட்டுபவள் நம்பினாள். தேர்வு நெருங்கியதும், தேர்வுக்கு மட்டும் தள்ளிப்போட வழியுண்டா என்று கேட்க, அக்கா விடுப்பிலிருந்த நாளில் அதே மருத்துவமனைக்குத் தானே போய் மருத்துவரைப் பார்த்தாள்.

மருத்துவர் இரத்த அழுத்தம் பார்த்தார். புகை பிடிப்பதுண்டா, கண்முன் மின்னல் தெறித்துத் தலைவலி வருமா, குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் உறைந்ததுண்டா என்று வரிசையாகக் கேட்டார். எதுவும் இல்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"எல்லா மாத்திரையும் ஒரே அளவு மருந்துதான். அட்டை முடிஞ்ச மறுநாளே அடுத்ததை ஆரம்பிச்சிடும்மா. ஒரு தடவைக்குன்னு இல்ல, எப்பவுமே அப்படிச் செய்யலாம்."

"அப்ப ரத்தம் உள்ள தேங்காதா?"

"தேங்கறதுக்கு உள்ள என்ன சேர்ந்திருக்கு? மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறப்ப கருமுட்டை வெளியாகறதில்ல. கருப்பை உள்சுவரும் மெல்லிசாத்தான் இருக்கும். மாத்திரையை நிறுத்தினதும் ஹார்மோன் இறங்குது, அந்தச் சுவர் கொஞ்சம் உதிருது. அவ்வளவுதான். இது மாதவிலக்கே இல்ல. மாத்திரைவிலக்கு!" தம் நகைச்சுவையில் அவரே மகிழ்ந்து தொடர்ந்தார்: "முதல் சில மாசம் லேசா திட்டுத்திட்டா படலாம், பயப்படாத. இந்த மாத்திரை உனக்கு ஒத்துக்குதுன்னா விடாம சாப்பிடுறதும் ஒத்துக்கும். இடைவெளியை ஏழு நாளுக்கு மேல நீட்டினாத்தான் வம்பு, முட்டை முழிச்சுக்கும். ஏம்மா, உங்கக்கா ஒண்ணும் சொல்லலையா? இங்க வர்றவங்களுக்கெல்லாம் இதை விளக்கறதே அவங்கதானே!"

அவள் எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்ததைப் பிடிக்கத் தோன்றவில்லை.

மாலையில், வெளியே போயிருந்த அக்கா வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் மாத்திரைவிலக்கு. எனக்கு மட்டும் கெட்ட ரத்தமாக்கா?"

ஒற்றைக் கால் செருப்போடு அக்கா நின்றாள். "டாக்டரம்மாகிட்ட போனியா?"

"போகலைன்னா கிழவியாகுற வரைக்கும் சுருண்டு படுத்திருப்பேன்."

அக்கா சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அம்மாதான்டி. கல்யாணமாகாத பொண்ணு, சுத்தி ஆம்பளைங்க இருக்கிற வேலைன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டிருந்தாங்க. இந்த மாத்திரையே கூடாதுன்னாங்க. மாசாமாசம் தவறாம வரும், அதுக்கு நான் பொறுப்புன்னு சொல்லித்தான் சம்மதிக்க வெச்சேன்."

மாதம் ஒருமுறை குளியலறைக் கதவுக்கு வெளியிலிருந்து அம்மா கேட்கும் "வந்துடுச்சா?" அவள் காதில் ஒலித்தது. வலிக்கு இரங்கிக் கேட்கிறாள் என்றே இத்தனை நாளும் எண்ணி, உள்ளிருந்து அன்போடு பதில் சொல்லியிருக்கிறாள்.

"இது வர்றதை வெச்சு வயித்துல ஒண்ணுமில்லன்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்." அக்கா மற்றச் செருப்பையும் கழற்றினாள். "அம்மாவுக்குத் தெரியாதுல்ல."

"அப்ப அவங்க நிம்மதியும் பொய். என் வலி மட்டுந்தான் நிஜம்."

"உனக்கு மாத்திரை கிடைக்கணும்னுதானேடி..."

அக்காவைத் திட்டத் தங்கையிடம் சொற்கள் இருந்தன. அவை அனைத்தையும் கற்றுக்கொடுத்தவள் அக்காவே என்பதால் எடுக்கப் பிடிக்கவில்லை.

அட்டை முடிந்த மறுநாள், அம்மா, அக்கா இருவர் கண்ணெதிரிலும் புதிய அட்டையின் முதல் மாத்திரையை விழுங்கினாள். அது அவளே கடைக்குப் போய் வாங்கியது.

தேர்வன்று காலை குளித்துக்கொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே அம்மாவின் வழக்கமான செருமல் கேட்டது.

"வந்துடுச்சாம்மா?"

அவள் துவட்டி, சட்டை மாட்டி, தலைக்கவசத்தைக் கையிலெடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அக்கா கூடத்தில் தலை குனிந்து நின்றாள்.

"அதை அக்காகிட்ட கேளுங்கம்மா. இத்தனை நாளும் வரவெச்சது அவதான்."