யார் வந்தது என்று கேட்டார்கள்

என் மகள் மரிய புஷ்பத்துக்கு ஐந்து வயது. அவள் வயிற்றில் சூடு போடுவதற்காக ஒரு சனிக்கிழமை காலை எங்கள் கொல்லைப்புறத்தில் கரி கனிந்துகொண்டிருந்தது. சூடு போடுகிற கொளஞ்சி, மடியிலிருந்து மஞ்சள் கொம்பை எடுத்து அதன் நுனியைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் கணவர் அருளானந்தம் சுவரைப் பார்த்தபடி நின்றார். ஏற்பாடு அவருடைய அண்ணன் பாக்கியராஜுடையது. சம்மதம் என் கணவருடையது. பெற்றவளை யாரும் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம் ஆனி மாதம் திருச்சியை விட்டு வரதராஜன்பேட்டைக்கு வந்தோம். கணவருக்கு அங்கே வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. மூத்தார் பாக்கியராஜ் மாதா கோவிலில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார். வீடு அவருடையது, அதனால் சட்டமும் அவருடையது. வந்த மூன்றாம் நாளே புஷ்பத்தின் பகல் தூக்கத்தை நிறுத்தினார்.

"அஞ்சு வயசுப் புள்ளைக்கு மத்தியானத் தூக்கமா? பி.ஏ. படிச்சவ புள்ள வளக்குற லட்சணத்தப் பாரு" என்றார். என்னிடம் அல்ல, தம்பியிடம். என்னைப் பற்றிய பேச்செல்லாம் அவர் தம்பியிடம்தான் பேசுவார்.

என் அப்பா பாரவண்டி ஓட்டியவர். எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பு இந்த வீட்டில் வசவுச் சொல்லாகத்தான் பயன்பட்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புஷ்பத்துக்கு ஞானோபதேசம். மூத்தார் கேள்வி கேட்பார். அவள் கைகட்டி நின்று பதில் சொல்ல வேண்டும். "உன்னைப் படைத்தவர் யார்?" "சர்வேசுரன்." "எதற்காகப் படைத்தார்?" அதற்கும் ஒரு பதில் உண்டு. பதில் இல்லாத கேள்வியே அவரிடம் கிடையாது. தெரியாது என்று சொன்னால் விரல் முட்டியில் பிரம்பு விழும். பதினைந்து நாளில் என் மகள் எந்தக் கேள்வியானாலும் ஏதாவது ஒரு பதிலைச் சட்டென்று சொல்லப் பழகிவிட்டாள். பிரம்புக்குத் தப்ப அவள் கண்ட வழி அது.

இரவு குடும்பச் செபம் முடிய ஒன்பது மணி ஆகும். முழங்காலில் நின்றபடி தூங்கி விழுந்தால் காதைத் திருகி, "செபத்துல தூங்குற புள்ளயத்தான் பசாசு முதல்ல தூக்கும்" என்பார். குழந்தை கொல்லைக்குப் போகக்கூட என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்.

ஒருநாள் இரவு, படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அலறினாள். அந்த மாதிரி அலறலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் விரியத் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. உடம்பெல்லாம் வேர்வை, நெஞ்சு படபடவென்று அடித்தது. வாரி அணைத்தேன். என் கையைக் கடித்தாள். உலுக்கினேன், பெயர் சொல்லிக் கத்தினேன், இன்னும் மோசமாக உதறினாள். மூத்தார் ஓடி வந்து முகத்தில் தீர்த்தத்தை வீசினார். கணவர் கால்களை அமுக்கிப் பிடித்தார். மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு குழந்தையோடு சண்டை போட்டோம். கால் மணி நேரம் கழித்துத் தானாகச் சாய்ந்து தூங்கிப் போனாள்.

காலையில் கஞ்சி குடித்துக்கொண்டே, "கையில என்னம்மா காயம்?" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றுமே நினைவில்லை.

மூத்தார் அதை நம்பவில்லை. பிரம்பை மடியில் வைத்துக்கொண்டு அவளை முன்னால் நிறுத்தினார்.

"ராத்திரி யாரு வந்தது?"

அவள் பிரம்பைப் பார்த்தாள்.

"பசாசா?"

"ஆமா."

"கறுப்பா இருந்துச்சா?"

"கறுப்பா இருந்துச்சு."

"கொம்பு?"

"இருந்துச்சு."

"கேட்டியா?" என்று தம்பியைப் பார்த்தார். கேட்டுக்கொண்டிருந்த அந்த மனிதரும் தலையாட்டினார்.

அதற்குப் பிறகுதான் இன்னொன்று ஆரம்பித்தது. கோழி கூப்பிடுகிற நேரத்தில் புஷ்பம் விசும்பி விழிப்பாள். அப்போது என்னை அடையாளம் தெரியும். கட்டிக்கொள்வாள். கொம்பு வைத்த கறுப்பு ஆள் துரத்தினான் என்று நடந்ததை வரிசையாகச் சொல்வாள். கறுப்பு ஆளை அவளுக்குக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

நான் பொறுத்துப் பார்த்தேன். பதினோரு நாள் டைம்பீஸைப் பக்கத்தில் வைத்து ஒரு தாளில் நேரம் குறித்தேன். அலறல் எப்போதும் தூங்கின முதல் இரண்டு மணி நேரத்துக்குள். கெட்ட கனவு விடியற்காலையில். செபம் நீண்ட நாளில் அலறல் கட்டாயம் உண்டு. ஜெயங்கொண்டம் போய் பஸ் பிடித்து அரியலூர் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் அந்தத் தாளைக் காட்டினேன்.

"ரெண்டும் வேற வேறம்மா" என்றார் அவர். "மொத வேளையில அலறுற புள்ள தூங்கிக்கிட்டேதான் அலறுது. எழுப்பாதீங்க, புடிக்காதீங்க. விழுந்து அடிபடாம பாத்துக்கிட்டு பக்கத்துல உக்காருங்க. தானா அடங்கும். காலையில கேள்வி கேட்டுப் பயமுறுத்தாதீங்க. விடியக்காலம் முழிக்கிற புள்ளதான் தாயத் தேடுது. அதைத் தூக்கிக்குங்க, வெளக்க ஏத்துங்க, சொல்றத கேளுங்க. பகல்ல பயமுறுத்துறத நிறுத்துங்க, நேரத்தோட தூங்க வைங்க. வயசு ஏறினா போயிடும்."

வந்து சொன்னேன். கணவர், "அண்ணன்கிட்ட நீயே சொல்லு" என்றார். நானே சொன்னேன். மூத்தார் முதல் முறையாக என்னைப் பார்த்துப் பேசினார். "நர்சு சொன்னாளா? சாமியார் சொன்னா கேக்க மாட்டே, நான் சொன்னா கேக்க மாட்டே, ஊசி போடுறவ சொன்னா வேதவாக்கா?" அந்த வாரமே கொளஞ்சிக்கு ஆள் அனுப்பினார்.

இப்படித்தான் கரி கனிந்தது.

"புள்ளயக் கொண்டாங்க" என்றாள் கொளஞ்சி. "தகப்பன் காலப் புடிக்கணும். வேற ஆரு புடிச்சாலும் நான் வைக்க மாட்டேன். பின்னால என் மேல பழி வரக் கூடாது."

புஷ்பம் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கணவர் சுவரை விட்டுத் திரும்பி இரண்டடி எடுத்து வைத்தார்.

"தொடாதீங்க" என்றேன்.

"விண்ணரசி, ஒரு நிமிஷத்து வலி. எனக்கும் வச்சிருக்காங்க. நானும் இவ மாதிரி அலறுவேனாம். நின்னுபோச்சுல்ல?" சட்டையைத் தூக்கினார். தொப்புளுக்கு மேலே மூன்று தழும்புகள். ஆறு வருஷமாகப் பார்த்த தழும்புகள்தான். சின்ன வயசில் விழுந்தது என்று சொல்லி வைத்திருந்தார்.

"ஏன் மூணு?" என்று கேட்டேன்.

அவர் அண்ணனைப் பார்த்தார். மூத்தார் பெருமையாகச் சொன்னார். "மொதத் தடவ அஞ்சு வயசுல. கேக்கல. ஆறு வயசுல திரும்ப வச்சோம். அப்பவும் அடங்கல. ஏழுல ஒண்ணு. எட்டு வயசுக்கப்பறந்தான் சுத்தமா நின்னுச்சு. சும்மாவா?"

"மூணு தடவை சூடு வச்சும் எட்டு வயசு வரைக்கும் அலறியிருக்காரு. அப்ப எதுக்கு மாமா சூடு?"

"பசாசு லேசுல போவாது. புள்ளையே தன் வாயால சொல்லுது, பாத்தேன்னு."

"அப்படியா? நானும் கேக்குறேன்" என்று புஷ்பத்தைத் திருப்பி நிறுத்தினேன். அவரைப் போலவே குரலை வைத்துக்கொண்டேன். அப்படிச் செய்ததற்கு இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. அவள் உடனே கையைக் கட்டிக்கொண்டாள்.

"ராத்திரி யானை வந்துச்சா?"

"வந்துச்சு."

"வெள்ளை யானையா?"

"வெள்ளை யானை."

"மேல யாரு உக்காந்திருந்தது? பெரியப்பாவா?"

"பெரியப்பாதான்."

"பெரியப்பாவுக்குக் கொம்பு இருந்துச்சா?"

அவள் மூத்தாரின் தலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ரெண்டு இருந்துச்சு" என்றாள்.

கொளஞ்சி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. "உபதேசியாரே, அப்ப யாருக்கு வைக்கிறது சூடு?"

"எடு பிரம்ப" என்று மூத்தார் எழுந்தார். "பொய் சொல்லப் பழக்குறா தாய்க்காரி."

"பழக்குனது நீங்க" என்றேன். "கேட்டதுக்கெல்லாம் பதில் வேணும்னு அடிச்சீங்க. அவ குடுத்துட்டா. வந்த பசாசு உங்க கேள்வியில வந்தது."

"டேய் அருளு. காலப் புடிக்கிறியா, இல்ல பொண்டாட்டி முந்தானையப் புடிக்கிறியா?"

என் கணவர் சட்டையை இன்னும் கீழே விடவில்லை. குனிந்து அந்த மூன்று தழும்புகளை, யாரோ இன்னொருவருடைய வயிற்றைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எட்டு வயசு வரைக்குமாண்ணே?"

"ஆமாங்கிறேன்ல."

"சூடு வைக்கப் போறாங்கன்னு தெரிஞ்சா நான் எங்க போயி ஒளிவேன்னு ஞாபகம் இருக்கா?"

"நெல்லுக் குதிருக்குள்ள. அதுக்கென்ன இப்ப?"

"நான் புடிக்க மாட்டேன்" என்றார் கணவர்.

கொளஞ்சி அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்கவில்லை. செம்புத் தண்ணீரைக் கரியில் ஊற்றினாள். "நான் எத்தனையோ புள்ளைக்கு வச்சிருக்கேன். நின்னதும் உண்டு, நிக்காததும் உண்டு. தகப்பன் இல்லாம எனக்கு இங்க வேலை இல்ல" என்று மஞ்சள் கொம்பை மடியில் சொருகிக்கொண்டு போனாள்.

மூத்தார் அன்றைக்கு எங்களோடு சாப்பிடவில்லை. "இனிமே இந்த வூட்ல ராத்திரி சத்தம் கேட்டா நான் வர மாட்டேன்" என்றார். அதைத்தான் நான் ஒரு மாதமாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு புஷ்பத்தைச் செபத்துக்கு முன்பே, ஏழரை மணிக்குப் படுக்க வைத்தேன். படுக்கையைச் சுற்றி இருந்த பெட்டியையும் குத்துவிளக்கையும் அப்புறப்படுத்தினேன். எட்டே முக்காலுக்கு அலறினாள். ஒரே நாளில் நிற்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கணவர் பாய்ந்து கையை நீட்டினார்.

"தொடாதீங்க. உக்காருங்க."

"எப்படிடி உக்காருறது? புள்ள கதறுது."

"அவ தூங்குறா. கதறுறது நமக்குத்தான் கேக்குது."

அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்து சுவரில் மோதப் போனவளை நான் வழி மறித்து மட்டும் நின்றேன். "அம்மா இருக்கேன், அப்பா இருக்காரு" என்று மெதுவாகச் சொன்னேன். அவளுக்குக் கேட்டிருக்காது. அடுத்த அறையில் மூத்தார் வேண்டுமென்றே உரக்கச் செபமாலை சொன்னார். ஆறு நிமிஷம். பிறகு தானே பாயில் சாய்ந்து, ஒருக்களித்து, வாயைத் திறந்தபடி தூங்கினாள். யாரையும் கடிக்கவில்லை.

கணவர் கையை வெளியே எடுத்தார். விரல்கள் வெளுத்திருந்தன.

"எனக்கு யாரும் இப்படி உக்காரல" என்றார்.

அவருக்காக நான் இரக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தழும்பை வயிற்றில் சுமந்துகொண்டே, அதையே என் மகளுக்கும் வைக்கச் சம்மதித்தவர் அவர். அதை நான் மறக்கவில்லை.

"விடியக்காலம் கனவு கண்டு முழிப்பா. அப்ப நீங்கதான் தூக்கணும்" என்றேன். "என்ன கனவுன்னு நோண்டாதீங்க. அவளாச் சொன்னா கேளுங்க."

"சொல்லலைன்னா?"

"சும்மா தூக்கி வச்சுக்குங்க."

"இது இன்னும் எத்தனை நாளைக்கு?"

"தெரியாது. உங்களுக்கு எட்டு வயசு வரைக்கும் இருந்துச்சு."

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். "மூணு வருஷமா?"

"மூணு வருஷமானாலும் நீங்கதான் உக்காரப் போறீங்க" என்று சொல்லிவிட்டு, குழந்தைக்கு அந்தப் பக்கமாகப் படுத்துக் கண்ணை மூடினேன்.